முகத்தில் எழுதப்படாத குணம்

நுழையும்முன்

புதியவர் ஒருவரைக் கண்ட நொடியிலேயே ‘நல்லவர்’, ‘கடுமையானவர்’ என்று ஒரு முடிவு மனத்தில் எழுந்துவிடுகிறது. மூக்கும் நெற்றியும் காதும் இன்ன வடிவில் அமைந்தால் இன்ன குணம் என்று விதி வகுத்த மரபுகள் உலகின் பல பகுதிகளிலும் தோன்றின. அத்தகைய கருத்து ஒன்று அறிவியல் என்னும் பெயரோடு சிறைக்கூடத்திற்குள்ளும் நீதிமன்றத்திற்குள்ளும் நுழைந்தது. அதனை எண்ணியும் அளந்தும் சோதித்தபோது கிடைத்த விடையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மூக்கின் கதை

1831ஆம் ஆண்டு. ‘பீகிள்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல் நெடும்பயணத்திற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடுடைய இளைஞர் ஒருவரைத் தம்முடன் அழைத்துச்செல்லக் கப்பல் தலைவர் இராபர்ட் ஃபிட்ஸ்ராய் விரும்பினார். இருபத்திரண்டு வயது நிரம்பிய சார்லஸ் டார்வின் அவரைக் காண வந்தார். டார்வினின் கல்வியிலோ ஒழுக்கத்திலோ ஃபிட்ஸ்ராய் குறை காணவில்லை. அவருடைய மூக்கே தடையாக நின்றது. இத்தகைய மூக்குடைய ஒருவருக்கு நெடும்பயணத்திற்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என அவர் ஐயுற்றார்.

ஃபிட்ஸ்ராய் அறியாமையில் உழன்றவர் அல்லர், கற்றறிந்தவர். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகரச் சமயகுரு யோகான் லவாட்டர் வகுத்த முகவியல் கொள்கையில் அவர் பற்றுடையவராக இருந்தார். எனினும் ஐயத்தை ஒதுக்கி டார்வினை அழைத்துச்சென்றார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் டார்வின் திரட்டிய செய்திகளே பின்னாளில் உயிரியலின் போக்கை மாற்றின. தம் மூக்கு பொய்யுரைத்துவிட்டதைக் கப்பல் தலைவர் பின்னர் உணர்ந்திருப்பார் என்று டார்வின் தம் தன்வரலாற்றில் நகைச்சுவையோடு குறித்துள்ளார்.

அந்த மூக்கு தடையாகவே நின்றிருந்தால் இழப்பு எத்தகையதாக இருந்திருக்கும்? டார்வினுக்கு அந்தப் பயணம் கிடைத்தது. முகத்தை வைத்து மதிப்பிடப்பட்ட வேறு பலருக்கு அத்தகைய வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மரபின் வேர்கள்

உடலுறுப்புகளின் அமைப்பைக்கொண்டு ஒருவரின் குணத்தையும் வருங்காலத்தையும் கூறும் முறை இந்தியாவில் சாமுத்திரிகம் எனப்படுகிறது. தமிழிலும் ‘சாமுத்திரிகா இலட்சணம்’ என்னும் பெயரில் நூல்கள் வழங்குகின்றன. சீனத்திலும் முகம்பார்த்துப் பலன் கூறும் மரபு தொன்மையானது. கிரேக்கத்தில் அரிசுடாட்டிலின் பெயரால் வழங்கிவந்த முகவியல் நூல் ஒன்று விலங்குகளை உவமையாகக் கொண்டது. சிங்கம் வீரமுடையது, ஆகவே சிங்கத்தை ஒத்த தோற்றமுடையவர் வீரர் என்பது அதன் போக்கு. 1586ஆம் ஆண்டு இத்தாலியரான தெல்லா போர்த்தா மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் அருகருகே வரைந்து இக்கருத்தைப் பரப்பினார்.

1775ஆம் ஆண்டு தொடங்கி லவாட்டர் நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. அதனை எதிர்த்தவருள் குறிப்பிடத்தக்கவர் செருமானிய இயற்பியல் அறிஞர் லிக்டென்பெர்க். அவர் முதுகு கூனியவர். உடலின் வடிவத்தைக்கொண்டு உள்ளத்தை அளப்பதன் கொடுமையைத் தம் வாழ்விலேயே அறிந்தவர். இக்கொள்கை முழுமை பெற்றுவிட்டால், குற்றம் செய்வதற்கு முன்பே குழந்தைகளைத் தூக்கிலிடும் நிலை வரும் என்று அவர் எள்ளலோடு எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை ஒட்டிய கருத்து ஒன்று நூறு ஆண்டுகளுக்குள்ளாகவே அறிவியலாக முன்வைக்கப்பட்டது.

முகக்குறிப்பும் முகவடிவும்

முகம் எதையுமே காட்டுவதில்லை என்று கூறிவிட இயலாது. சினம் கொண்டவரின் புருவம் நெரிகிறது. மகிழ்ச்சியுற்றவரின் கண்ணோரம் சுருங்குகிறது. அச்சத்தில் கண்கள் அகல விரிகின்றன. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு எனப் பெயரிட்டு நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்தது. திருக்குறளின் பொருட்பாலிலும் குறிப்பறிதல் என்னும் அதிகாரம் அமைந்துள்ளது.

இவை பேசுவது அந்த நேரத்து உணர்வை; நிலையான குணத்தை அன்று. உணர்வு மாறும்போது முகத்தசைகள் அசைகின்றன. ஆகவே முகக்குறிப்பும் மாறுகிறது. மூக்கெலும்பின் நீளமோ தாடையின் அகலமோ ஒருவர் பொய் சொல்லும்போது வளர்வதும் இல்லை. உண்மை பேசும்போது குறைவதும் இல்லை. டார்வின் 1872ஆம் ஆண்டு உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றித் தனிநூல் எழுதினார். அதன் முன்னுரையிலேயே, உறுப்புகளின் நிலையான வடிவைக்கொண்டு குணம் கூறும் முகவியலுக்கும் தம் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று தெளிவுபடுத்தினார். முகக்குறிப்பை அறிவது வேறு. முகவடிவைக்கொண்டு குணத்தை முடிவு செய்வது வேறு. முன்னதற்குரிய நம்பகத்தன்மையைப் பின்னதற்கும் ஏற்றிவிடுவதே முகவியல் மரபுகளின் அடிப்படைப் பிழையாகும்.

மண்டையோட்டில் கண்ட ‘குற்றம்’

இத்தாலிய மருத்துவர் சேசரே லோம்ப்ரோசோ 1870ஆம் ஆண்டளவில் ஒரு மண்டையோட்டை ஆராய்ந்தார். அது நாட்டின் தென்கோடியில் உள்ள கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த வில்லெல்லா என்பவருடையது. அவர் குற்றவாளி எனத் தண்டிக்கப்பட்டவர். மண்டையோட்டின் பின்புறத்து உட்பகுதியில் இயல்புக்கு மாறான ஒரு குழி இருந்தது. கீழ்நிலை விலங்குகள் சிலவற்றில் காணப்படுவது போன்ற குழி அது என்று லோம்ப்ரோசோ கருதினார். குற்றவாளி என்பவர் மனிதகுல வளர்ச்சியில் பின்தங்கி, தொல்பழங்கால நிலையிலேயே பிறந்துவிட்டவர் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தோன்றியது.

அவ்வெண்ணம் 1876ஆம் ஆண்டு ‘குற்றமனிதன்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. பின்சரிந்த நெற்றி, பெரிய தாடை, உயர்ந்த கன்ன எலும்பு, பக்கவாட்டில் விரிந்து நிற்கும் காது, நீண்ட கைகள் ஆகியன ‘பிறவிக் குற்றவாளி’யின் அடையாளங்களாகக் கூறப்பட்டன. சிறைகளில் அடைபட்டோரின் தலைகள் அளக்கப்பட்டன, நிழற்படங்கள் தொகுக்கப்பட்டன. லோம்ப்ரோசோ நீதிமன்றங்களிலும் வல்லுநராகக் கருத்துரைத்தார். ஒருவர் என்ன செய்தார் என்னும் வினாவின் அருகே, அவர் எப்படித் தோன்றுகிறார் என்னும் வினாவும் இடம்பெற்றது.

அடையாளங்கள் எவையும் இல்லாத குற்றவாளிகள் பலர் இருப்பதை லோம்ப்ரோசோவும் கண்டார். ஆயினும் கொள்கையை அவர் கைவிடவில்லை. சூழலால் குற்றவாளி ஆனவர், உணர்ச்சிவயப்பட்டுக் குற்றம் செய்தவர் எனப் புதிய வகைகளை ஏற்படுத்தினார். குற்றவாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பிறவிக் குற்றவாளிகள் எனப் பிற்காலத்தில் கூறினார். அடையாளம் இருந்தால் கொள்கைக்குச் சான்று. இல்லாவிட்டால் அவர் வேறு வகையினர். எந்த முகம் எதிர்ப்பட்டாலும் தோற்காத கொள்கை இது. பிழையென்று காட்டப்படுவதற்கு வழியே இல்லாத கூற்றை எத்தனை எடுத்துக்காட்டுகள் சூழ்ந்திருந்தாலும் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது.

> தெரியுமா?
>
> வில்லெல்லாவின் மண்டையோடு இத்தாலியின் தூரின் நகரில் உள்ள குற்றமானிடவியல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதனைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என அவர் பிறந்த ஊரின் ஆட்சியமைப்பு வழக்குத் தொடுத்தது. 2012ஆம் ஆண்டு நீதிமன்றம் ஊராருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. 1909ஆம் ஆண்டு இறந்த லோம்ப்ரோசோவின் எலும்புக்கூடும் அவருடைய விருப்பப்படி அதே அருங்காட்சியகத்தில்தான் உள்ளது.

விடுபட்ட ஒப்பீடு

லோம்ப்ரோசோவின் முறையில் நேர்ந்த பிழையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு சிறையில் 100 பேர் உள்ளனர் எனக் கொள்வோம். அவர்களுள் 40 பேருக்குக் காதுகள் பக்கவாட்டில் விரிந்துள்ளன. இதனைக்கொண்டு விரிந்த காது குற்றத்தின் அடையாளம் என்று கூறலாமா? சிறைக்கு வெளியே வாழும் 100 பேரின் காதுகளையும் எண்ணிப் பார்க்காமல் எதுவும் கூற இயலாது. அங்கும் 40 பேருக்கு அத்தகைய காது இருந்தால், அது குற்றத்தைப் பற்றி எதையும் உணர்த்தவில்லை.

எண்ணினால் மட்டும் போதாது. ஒப்பிடப்படுவோர் ஒத்த நிலையினராகவும் இருத்தல் வேண்டும். சிறையில் இருப்போர் ஒரு பகுதியினராகவும் வெளியே எண்ணப்படுவோர் வேறு பகுதியினராகவும் இருந்தால், காணப்படும் வேறுபாடு குற்றத்தைக் குறிக்காமல் அவர்கள் பிறந்த நிலத்தையோ குடியையோ குறிக்கலாம். வறுமையில் வளர்ந்தோரைச் செல்வத்தில் வளர்ந்தோருடன் ஒப்பிட்டால், அது குற்றத்தின் அடையாளமாகாது, உணவின் அடையாளமாகிவிடும்.

மேலும், எண்ணுபவரின் மனச்சாய்வும் நீங்க வேண்டும். எதிரில் நிற்பவர் கொலைகாரர் என்பதை முன்பே அறிந்தவருக்கு அவருடைய நெற்றி சற்றுக் கூடுதலாகச் சரிந்தே தோன்றும். ‘பெரிய தாடை’ என்பது பார்வைக்கு உரிய சொல். ‘இத்தனை மில்லிமீட்டர்’ என்பது அளவுகோலுக்கு உரிய சொல். அளவுகோலுக்கு முன்முடிவு இல்லை.

மூவாயிரம் கைதிகள்

இக்குறைகளை நீக்கிச் சோதிக்கும் பணியை இங்கிலாந்தின் சிறை மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்டனர். அதனை நிறைவு செய்தவர் சார்லஸ் கோரிங். ஏறத்தாழ 3000 கைதிகளின் உடலளவுகள் தொகுக்கப்பட்டன. புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் அவை கணக்கிடப்பட்டன. ‘ஆங்கிலேயக் கைதி’ என்னும் பொருள்படும் அவ்வாய்வு நூல் 1913ஆம் ஆண்டு வெளிவந்தது.

கோரிங் இரண்டு வகையான ஒப்பீடுகளைச் செய்தார். முதலாவதாக, வெவ்வேறு குற்றங்களைச் செய்தவர்களைத் தம்முள் ஒப்பிட்டார். திருடருக்கு ஒரு முகமும் வன்செயல் புரிந்தோருக்கு வேறொரு முகமும் இருந்தால் அளவுகளில் அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்ததாக, கைதிகளைச் சிறைக்கு வெளியே உள்ளவர்களோடு ஒப்பிட்டார். பல்கலைக்கழக மாணவர்களும் படைவீரர்களும் அவ்வொப்பீட்டில் இடம்பெற்றனர்.

லோம்ப்ரோசோ கூறிய உடலமைப்பால் வேறுபட்ட குற்றவாளி இனம் என ஒன்று இல்லை என்பதே கோரிங் கண்ட முடிவு. தலையின் அளவுகளில் கைதிகளுக்கும் பிறருக்கும் இருந்த வேறுபாடு, மாணவர் குழு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டைப் போன்றதே. சராசரி உயரத்திலும் எடையிலும் மட்டும் கைதிகள் குறைந்திருந்தனர். சிறைகளை நிரப்பியோரில் பலர் வறிய குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. கோரிங்கும் தம் காலத்து எண்ணங்களிலிருந்து முற்றும் விடுபட்டவர் அல்லர். குற்றச்செயலுக்குப் பிறவியிலேயே அமைந்த குறைபாடு காரணம் என்று அவர் கூறிய விளக்கத்தைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. ஆனால், அளந்து எண்ணியபோது ‘குற்றமுகம்’ மறைந்துபோயிற்று என்னும் அவருடைய முடிவு நிலைபெற்றது.

ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த முகங்கள்

இதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே மற்றொரு சோதனை நிகழ்ந்திருந்தது. அதனைச் செய்தவர் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன். குற்றவாளியின் முகத்திற்கெனத் தனி அமைப்பு உண்டு என எதிர்பார்த்தே அவர் அதனைத் தொடங்கினார். சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கைதிகளின் நிழற்படங்களைப் பெற்று, குற்றத்தின் தன்மைக்கேற்ப அவற்றைப் பிரித்தார். ஒவ்வொரு படத்தையும் கண்கள் ஒரே இடத்தில் பொருந்துமாறு அமைத்து, ஒரே ஒளிப்படத் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது சிறிது நேரம் பதியச் செய்தார். எல்லார்க்கும் பொதுவான கூறு அழுத்தமாகப் பதியும். ஒருவருக்கே உரிய கூறு மங்கிவிடும். பொதுவான குற்றமுகம் ஒன்று இருக்குமானால் அது அத்தகட்டில் தெளிவாகத் தோன்றியிருக்க வேண்டும்.

1878ஆம் ஆண்டு கால்டன் வெளியிட்ட முடிவு அவருடைய எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. கூட்டுப்படத்தில் தோன்றிய முகம், அதில் அடங்கிய தனித்தனி முகங்களைவிட நயமாகக் காட்சியளித்தது. கொடுமையாகத் தோன்றிய கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டவை ஆதலின் மங்கி மறைந்தன. எஞ்சியது பொது மனித முகமே. கொடியோர்க்கு உரிய முகத்தைத் தேடிய கருவி இயல்பான ஒரு மனிதரைக் காட்டிற்று.

கணக்கு உணர்த்தும் உண்மை

ஓர் உறுப்பமைப்புக்கும் குற்றத்திற்கும் உண்மையிலேயே சிறு தொடர்பு உண்டு என்று வைத்துக்கொண்டாலும், தனிமனிதரை மதிப்பிட அது உதவுமா? 10,000 பேர் வாழும் ஓர் ஊரில் 100 பேர் குற்றவாளிகள். 9,900 பேர் குற்றமற்றவர்கள் எனக் கொள்வோம். ஏதோ ஓர் அடையாளம் குற்றவாளிகளுள் நூற்றுக்கு 40 பேரிடமும், மற்றவர்களுள் நூற்றுக்கு 20 பேரிடமும் இருக்கிறது. இது பெரிய வேறுபாடாகவே தோன்றும்.

அடையாளமுள்ள குற்றவாளிகள் 40 பேர். அடையாளமுள்ள குற்றமற்றவர்களோ 1,980 பேர். அடையாளத்தைக் கண்டு பிடித்துவந்தால் மொத்தம் 2,020 பேர் அகப்படுவர். அவர்களுள் நூற்றுக்கு 98 பேர் குற்றமற்றவர்கள். குற்றவாளிகளுள் 60 பேரோ அடையாளம் இன்மையால் தப்பிவிடுவர். இது கற்பனையாக அமைத்த கணக்கு. மெய்யான ஆய்வுகள் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக்கூடக் காட்டவில்லை.

ஒத்த கருத்து உண்மையாகுமா?

‘எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, அதில் உண்மை இராதா?’ என்னும் வினா எழலாம். மக்கள் ஒரே மாதிரி சொல்வது உண்மைதான். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், தொடோரோவ் ஆகியோர் 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறிமுகமற்ற முகங்கள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டப்பட்டன. நம்பத்தக்கவரா, திறமையுடையவரா என்று பார்த்தவர்கள் அந்நேரத்திற்குள் கூறிய கருத்துகள், நேரக்கட்டுப்பாடின்றிப் பார்த்தோர் கூறியவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன. கூடுதல் நேரம் தந்தபோது கருத்துப் பெரிதாக மாறவில்லை. அக்கருத்தின்மேல் கொண்ட உறுதியே வளர்ந்தது.

இவ்வொருமை எங்கிருந்து வருகிறது? முகக்குறிப்பை விரைந்து அறியும் ஆற்றல் மனிதர்க்கு உண்டு. அவ்வாற்றல் தன் எல்லையைக் கடந்து அசையாத வடிவின்மீதும் செல்கிறது. வாயோரம் இயல்பிலேயே சற்று மேல்நோக்கி அமைந்த முகம், சிரிக்காதபோதும் சிரிப்பதுபோல் தோன்றுகிறது. உடனே ‘நம்பத்தக்கவர்’ என்னும் எண்ணம் எழுகிறது. புருவம் தாழ்ந்த முகம் சினவாதபோதும் சினந்ததுபோல் தோன்றுகிறது. ‘கொடியவர்’ என்னும் எண்ணம் பிறக்கிறது. பெரிய கண்களும் சிறிய மோவாயும் குழந்தையை நினைவூட்டுவதால், அம்முகமுடைய பெரியவரும் கள்ளமற்றவராகத் தோன்றுகிறார். எல்லார் மனமும் ஒரே வகையில் ஏமாறுவதால் எல்லார் கருத்தும் ஒத்துப்போகிறது. கானல்நீரைப் பலரும் நீரென்று காண்கின்றனர். அதனால் அங்கு நீர் ஊறிவிடுவதில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> ஒருமைப்பாடு: பலர் ஒரே கருத்தைக் கூறுதல். பத்துப் பேர் ஒரு முகத்தைக் கண்டு ‘நேர்மையானவர்’ என்றால், அது ஒருமைப்பாடு.
>
> மெய்ம்மை: அக்கருத்து நடப்போடு பொருந்துதல். அந்த மனிதர் உண்மையில் நேர்மையாக நடந்துகொண்டாரா என்று பார்த்தே அதனை அறிய முடியும்.
>
> முன்னது இருப்பதால் பின்னதும் இருக்கும் என்று கொள்ளுதல் கூடாது.

இன்னொரு சோதனை இதனை மேலும் தெளிவாக்குகிறது. 2011ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில் 40 நிழற்படங்கள் கலந்து கொடுக்கப்பட்டன. ஒருவருடைய படங்களை ஒரே அடுக்காக வைக்க வேண்டும் என்று பங்கேற்றோரிடம் கூறப்பட்டது. உண்மையில் அங்கு இருந்தவர் இருவரே. ஒவ்வொருவருக்கும் 20 படங்கள். அவ்விருவரையும் முன்பின் அறியாதோர் பெரும்பாலும் ஏழெட்டுப் பேரின் படங்கள் என்று பிரித்துவைத்தனர். ஒளி விழும் திசை, படக்கருவியின் தொலைவு, தலையின் சாய்வு ஆகியவை மாறினாலே ஒரு முகம் வேறொரு முகமாகிவிடுகிறது. ஒரே மனிதர் ஒரு படத்தில் நம்பத்தக்கவராகவும் மற்றொன்றில் ஐயத்திற்குரியவராகவும் தோன்றுவதைத் தொடோரோவின் ஆய்வுகளும் காட்டின. காலையில் எடுத்த படத்திற்கும் மாலையில் எடுத்த படத்திற்கும் இடையே ஒருவருடைய குணம் மாறிவிடுவதில்லை.

தீர்ப்பில் விழும் நிழல்

முகத்தோற்றத்தால் எழும் எண்ணம் பொய்யாயினும் அதன் விளைவு பொய்யன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கொலைக்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட 700க்கும் மேற்பட்டோரின் நிழற்படங்களைக்கொண்டு 2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுள் ஒரு சாரார் மரணதண்டனையும் மறுசாரார் வாழ்நாள் சிறைத்தண்டனையும் பெற்றவர்கள். இவ்விவரம் எதையும் அறியாதவர்களிடம் படங்களைக் காட்டி, எவ்வளவு நம்பத்தக்கவராகத் தோன்றுகிறார் என மதிப்பிடச் சொன்னார்கள். நம்பத்தகாதவராகத் தோன்றியோரே மரணதண்டனை பெற்றிருக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது.

அவர்கள் மெய்யாகவே கொடியவர்களாக இருக்கலாம் அல்லவா என்னும் ஐயத்திற்கும் அவ்வாய்வு இடம்வைக்கவில்லை. தண்டிக்கப்பட்டுப் பின்னர்க் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டோரின் படங்களும் தனியே மதிப்பிடப்பட்டன. அங்கும் அதே போக்குத் தென்பட்டது. செய்யாத குற்றத்திற்கு மரணதண்டனை பெற்றவர்கள், செய்யாத குற்றத்திற்குச் சிறைத்தண்டனை பெற்றவர்களைவிட நம்பத்தகாத முகமுடையவர்களாக மதிப்பிடப்பட்டனர். குற்றமே இல்லாத இடத்தில் முகம் குற்றத்தைக் காட்டியிருக்க முடியாது. பார்த்தவர்களின் மனமே அதனை அம்முகத்தில் கண்டது.

பழைய கூற்று, புதிய கருவி

2016ஆம் ஆண்டு சீனாவின் சாங்காய் நகர ஆய்வாளர் இருவர், முகப்படத்தைக்கொண்டு குற்றவாளியைப் பிரித்தறியும் கணினி நிரலை உருவாக்கியதாக அறிவித்தனர். 1,856 படங்களில் நிகழ்த்திய சோதனையில் ஏறத்தாழ 90 விழுக்காடு சரியான விடை கிடைத்ததாகக் கூறினர். தொடோரோவ் உள்ளிட்ட அறிஞர்கள் அப்படங்கள் வந்த வழியை உற்றுநோக்கினர். குற்றவாளிகளின் படங்கள் அரசு அடையாளப் படங்கள். மற்றவர்களின் படங்கள் இணையத்தில் திரட்டப்பட்டவை. எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட படங்களில் குற்றமற்றோர் இலேசாகப் புன்னகைத்தனர். வெண்ணிறக் கழுத்துப்பட்டை தெரியும் சட்டை அணிந்திருந்தனர். மற்றவர்கள் அவ்வாறில்லை.

நிரல் கண்டறிந்தது குணத்தை அன்று. படம் எடுக்கப்பட்ட சூழலை என்பதே அவர்களின் மறுப்பு. ஒத்த நிலையில் இல்லாதவர்களை ஒப்பிட்ட பழைய பிழை இங்குக் கணினியின் வேகத்தோடு மீண்டும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் திரட்டிய தரவு சாய்வுடையதாக இருந்தால், எத்தனை நுட்பமான கருவியும் அச்சாய்வையே விடையாகத் தரும்.

முகத்தோற்றத்திற்கும் குணத்திற்கும் தற்செயலைவிடச் சற்றுக் கூடுதலான பொருத்தம் இருப்பதாகக் கூறும் ஆய்வுகளும் சில உள. அவற்றில் வயது, பாலினம், முகக்குறிப்பு, ஒப்பனை, உடை, படம் எடுக்கும் முறை ஆகியவற்றின் பங்கைக் கழித்துவிட்டால் எஞ்சுவது மிகச் சிறிது. தனியொருவரின் வேலையையோ விடுதலையையோ தீர்மானிக்க அது போதவே போதாது.

செயலே சான்று

ஃபிட்ஸ்ராய் டார்வினின் மூக்கைக் கண்டு தயங்கினார். ஆனால் அத்தயக்கத்தைத் தீர்ப்பாக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் உடனிருந்து அவருடைய உழைப்பைக் கண்டார். முதற்பார்வையில் எழும் எண்ணத்தை எழாமல் தடுப்பது அரிது. பத்தில் ஒரு நொடியில் அது எழுந்துவிடுகிறது. அதன்பின் வரும் நேரம் எண்ணத்தை உறுதியாக்குவதற்கும் பயன்படலாம். அவர் என்ன சொன்னார், என்ன செய்தார், சொன்னபடி நடந்தாரா என்று அறிவதற்கும் பயன்படலாம். லோம்ப்ரோசோ வில்லெல்லாவின் மண்டையோட்டில் ஒரு குழியைக் கண்டார். அந்த மனிதர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கான விடை அக்குழியில் இல்லை.

கற்பவை கற்றபின்...

1. நன்கு அறியப்பட்ட தலைவர் ஒருவரின் வெவ்வேறு காலத்து நிழற்படங்கள் ஐந்தினைத் திரட்டுக. ஒவ்வொன்றிலும் அவர் எவ்வாறு தோன்றுகிறார் என ஒரு சொல்லில் எழுதி, வேறுபாட்டிற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.
2. திரைப்படங்களில் எதிர்நாயகர்களின் முகத்தோற்றம் எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை உற்றுநோக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. முகக்குறிப்பு, முகவடிவு – வேறுபடுத்துக.
2. டார்வினை அழைத்துச்செல்லக் கப்பல் தலைவர் தயங்கியது ஏன்?

சிறுவினா

1. கால்டன் கூட்டுப்படம் அமைத்த முறையையும் அதன் முடிவையும் விளக்குக.
2. குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டோரின் படங்களைத் தனியே மதிப்பிட்டதால் புளோரிடா ஆய்வு பெற்ற வலிமை யாது?

நெடுவினா

‘சிறையில் 100 பேரை எண்ணினால் மட்டும் போதாது’ – இக்கூற்றை லோம்ப்ரோசோ, கோரிங் ஆகியோரின் ஆய்வுமுறைகளை ஒப்பிட்டு நிறுவுக.